குழந்தையின் பள்ளிச் சேர்க்கைப் படம்: கண் திறந்து, முகம் தெளிவாக வர என்ன செய்யலாம்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மற்ற நேரமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறான். போட்டோ எடுக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறான். ஏன்?

தற்செயலாக அந்த நொடியில் சிமிட்டிவிட்டான் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் பெரியவர்கள் நிமிடத்துக்குச் சுமார் 15 முதல் 20 முறை சிமிட்டுகிறோம். கைக்குழந்தைகள் நிமிடத்துக்கு ஓரிரு முறைதான். வளர வளரத்தான் எண்ணிக்கை கூடும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளை நம்மை விடக் குறைவாகத்தான் சிமிட்டும். அப்படியிருந்தும் படத்துக்குப் படம் கண் மூடியே வருகிறது என்றால், நாம் செய்யும் ஏதோ ஒன்று அதை மூட வைக்கிறது.

பெரும்பாலும் அது ஃபிளாஷ்தான். போனில் இருக்கும் சின்ன விளக்கு, படம் எடுப்பதற்குச் சற்று முன்பே ஒருமுறை எரிந்து வெளிச்சத்தை அளந்துகொள்ளும். 'ரெட் ஐ' குறைக்கும் வசதி உள்ள கேமராக்களும் முதலில் ஒருமுறை மின்னும். பிள்ளையின் கண் அந்த முதல் வெளிச்சத்துக்கே மூடிவிடுகிறது, உண்மையான படம் பதிவாகும்போது இமை பாதி இறங்கியிருக்கிறது. ஆகவே முதல் வேலை, ஃபிளாஷை 'ஆட்டோ'வில் கூட வைக்காமல் முழுவதுமாக நிறுத்துவது.

அடுத்தது, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுவது. மூன்று சொன்னதும் ஏதோ நடக்கப்போகிறது என்று பிள்ளை தயாராகிறது. தோள் உயர்கிறது, கண் சுருங்குகிறது, சில பிள்ளைகள் பல்லையெல்லாம் காட்டுகிறார்கள். பெரியவர்களின் குழுப் படத்துக்கு எண்ணலாம், நான்கு வயதுக்கு எண்ணக் கூடாது.

வெயில் நேராக முகத்தில் அடித்தாலும் கண் சுருங்கும். அது சொல்லாமலே தெரிந்தது.

ஃபிளாஷ் வேண்டாம் என்றால் வெளிச்சத்துக்கு என்ன செய்வது? பிள்ளையை எங்கே உட்கார வைப்பது?

பகலில், நேர் வெயில் உள்ளே விழாத ஒரு ஜன்னல் போதும். வெயில் விழுகிறது என்றால் மெல்லிய வெள்ளைத் துணியைத் தொங்கவிடுங்கள். பிள்ளையை ஜன்னலைப் பார்த்தபடி, ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தள்ளி உட்கார வையுங்கள். நீங்கள் ஜன்னலுக்கு அடியில் முழங்காலிட்டு உட்கார வேண்டும். ஜன்னலுக்கு முன்னால் நின்றுகொண்டு எடுத்தால் உங்கள் உடம்பே வெளிச்சத்தை மறைத்துவிடும். கீழே உட்கார்ந்தால் வெளிச்சம் உங்கள் தலைக்கு மேலாகப் போய்ப் பிள்ளையின் முகத்தில் விழும், கேமராவும் அதன் கண் மட்டத்துக்கே வந்துவிடும். ஜன்னல் தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்வாக இருந்தால் மட்டும் கொஞ்சம் ஓரமாக நகர்ந்துகொள்ளுங்கள்.

பிள்ளைக்குப் பின்னால் வெறும் சுவர் இருக்கட்டும், ஆனால் முதுகு சுவரை ஒட்ட வேண்டாம். ஒரு மீட்டர் இடைவெளி விட்டால் நிழல் சுவரில் தெளிவாக விழாமல் கரைந்துவிடும். நல்ல சுவர் இல்லாவிட்டால் வெளிர் நிறப் போர்வையை இஸ்திரி போட்டு இறுக்கமாகக் கட்டினால் போதும். சுருக்கம் இருந்தால் படத்தில் கோடு கோடாகத் தெரியும். பின்புலம் வெள்ளை என்றால் சட்டை வேறு நிறத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தோள் எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது.

அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள். வீணாக எரிகிறதே என்பதற்காக அல்ல. ஜன்னல் வெளிச்சம் கொஞ்சம் நீலம், பல்பு வெளிச்சம் கொஞ்சம் மஞ்சள். இரண்டும் கலந்தால் முகத்தின் ஒரு பக்கம் காமாலை வந்தது போலத் தெரியும். தலைக்கு மேலே எரியும் விளக்கு கண்குழியில் நிழலையும் போடும். கண் திறந்திருந்தும் மூடியது போலத் தோன்றும் படங்கள் பெரும்பாலும் இப்படி எடுத்தவைதான்.

வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. பிள்ளையின் கருவிழியை உற்றுப் பாருங்கள். இரண்டு கண்ணிலும், பாதிக்கு மேல் பகுதியில், ஜன்னலின் சின்ன வெள்ளைப் பிம்பம் தெரிந்தால் சரி. ஒரு கண்ணில் மட்டும் தெரிந்தால் பிள்ளை பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. எதிலுமே தெரியாவிட்டால் இடத்தை மாற்றுங்கள், அங்கே எத்தனை படம் எடுத்தாலும் கண் உயிரில்லாமல்தான் வரும்.

நாற்காலியில் உட்கார வைத்தால் ஒரு நொடி கூட அசையாமல் இருக்க மாட்டேன் என்கிறாள். என்ன செய்வது?

முதலில் நாற்காலியைப் பாருங்கள். உயரமான ஸ்டூலில் உட்கார வைத்தால் கால் தொங்கும், தொங்கும் காலை எந்தப் பிள்ளையும் ஆட்டாமல் இருக்காது. கால் ஆடினால் தோளும் தலையும் சேர்ந்து ஆடும். பாதம் முழுவதும் தரையில் படும் குட்டி நாற்காலியோ முக்காலியோ போதும். இல்லாவிட்டால் காலுக்கடியில் ஒரு பெட்டியை வையுங்கள். சுற்றும் நாற்காலி வேண்டவே வேண்டாம்.

முற்றிலும் அசையாமல் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. வெளிச்சம் போதுமானதாக இருந்தால் போன் வேகமாகப் படத்தைப் பிடித்துவிடும். சிறு அசைவு தெரியாது. இருட்டான அறையில்தான் ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருந்து முகம் குழம்பும். ஷட்டர் வேகத்தை மாற்றும் வசதி உங்கள் போனில் இருந்தால் 1/200 நொடி வைத்துப் பாருங்கள், சிறு பிள்ளையின் சாதாரண அசைவுக்கு அது போதும்.

பெரும்பாலான போன்களில் ஷட்டர் பட்டனை அழுத்திப் பிடித்தாலோ ஒரு பக்கமாக இழுத்தாலோ தொடர்ந்து பல படங்கள் விழும். அதைப் பயன்படுத்துங்கள். ஒரு சிமிட்டல் அரை நொடி கூட இருக்காது, பத்துப் படத்தில் இரண்டு மூன்றில் கண் நன்றாகத் திறந்திருக்கும்.

கேமராவைப் பார்க்கவே மாட்டேன் என்கிறான். பொம்மையைக் காட்டினால் பொம்மையையே பார்க்கிறான்.

பொம்மை இருக்கும் இடம்தான் சிக்கல். வழக்கமாக இன்னொருவர் கேமராக்காரரின் தலைக்கு மேலே கையைத் தூக்கி ஆட்டுவார். பிள்ளை மேலே பார்க்கும், கருவிழிக்கு அடியில் வெள்ளை தெரியும், தாடை தூக்கிக்கொள்ளும். பொம்மை லென்ஸை ஒட்டி, அதற்கு ஒரு விரல் மேலே இருக்க வேண்டும். அதனால் அது பெரிய பொம்மையாக இருக்க முடியாது. போனின் பின்பக்கத்தில், லென்ஸை மறைக்காமல், ஒரு சிறிய ஸ்டிக்கர் ஒட்டி "இதோட மூக்கு என்ன கலர்?" என்று கேளுங்கள். பதில் சொல்ல அது உற்றுப் பார்த்தாக வேண்டும். உற்றுப் பார்க்கும் முகம் தானாகவே அமைதியாகவும் இருக்கும்.

சத்தம் எழுப்புவது கடைசி ஆயுதம். சாவிக்கொத்து, விசில், நாக்கைச் சொடுக்குவது எதுவானாலும் முதல் இரண்டு முறைதான் வேலை செய்யும். ஆரம்பத்திலேயே எல்லாவற்றையும் காட்டிவிட்டால் உண்மையான படத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. வெளிச்சம், இடம், சட்டை எல்லாம் சரியானதும்தான் முதல் சத்தம் வர வேண்டும். அதையும் லென்ஸுக்குப் பக்கத்திலிருந்தே எழுப்புங்கள். பக்கவாட்டிலிருந்து பாட்டி கூப்பிட்டால் தலை அந்தப் பக்கம்தான் போகும். அறையில் ஒருவர் மட்டும் பேசுவது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். மாமா, சித்தி, அண்ணன் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் கை தட்டும் வீட்டில் எந்தப் பிள்ளையும் நேராகப் பார்த்ததில்லை.

சிரிக்கக் கூடாதாம். ஆனால் "சிரிக்காதே" என்றால் அழுகிறாள். அமைதியான முகத்துக்கு என்ன வழி?

முகத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லாதீர்கள். "சிரி", "சிரிக்காதே", "வாயை மூடு" மூன்றுக்கும் பிள்ளை ஒரு முகத்தை உருவாக்கித்தான் காட்டும். அமைதியான முகம் என்பது ஒரு வேலையை முடித்த பிறகு வரும் இடைவெளி. அந்த வேலையைத்தான் நாம் கொடுக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது ஊதச் சொல்வது. விரலை மெழுகுவர்த்தி போல நீட்டி "ஊது" என்று சொல்லுங்கள். ஊதி முடித்ததும் உதடு மெல்லச் சேரும், தோள் இறங்கும், "அணைந்ததா?" என்று உங்களைப் பார்க்கும். ஊதிய பின் வரும் அந்த ஒரு நொடியில்தான் படம் இருக்கிறது. ஊதும்போதே அழுத்தினால் கன்னம் உப்பியிருக்கும், கொஞ்சம் பொறுங்கள்.

இன்னொன்று கண்ணுக்கானது. "கண்ணை இறுக்கி மூடு, நான் 'திற' என்று சொன்னதும் திற" என்று விளையாட்டாகச் சொல்லுங்கள். திறந்த உடனே முகத்தில் சிரிப்போ ஆச்சரியமோ இருக்கும். அரை நொடி கழித்து முகம் அடங்கும், கண் மட்டும் நன்றாகத் திறந்திருக்கும். புதிதாகத் திறந்த கண் உடனே மறுபடி சிமிட்டுவதும் அரிது. சிமிட்டும் பழக்கம் உள்ள பிள்ளைகளுக்கு இதுதான் முதலில் முயல வேண்டியது.

மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை. பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் தன் முகத்தை வைத்துக்கொள்கிறது. நீங்கள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு போன் திரையையே பார்த்தால் அதுவும் புருவத்தைச் சுருக்கும். போனை உங்கள் முகத்துக்கு முன்னால் பிடிக்காமல் கொஞ்சம் கீழே, தாடைக்கு நேராகப் பிடித்து, வாய் மூடிய சாதாரண முகத்தோடு பிள்ளையைப் பாருங்கள்.

லேசான புன்சிரிப்பைப் பெரும்பாலான பள்ளிகள் ஏற்றுக்கொள்ளும். பல் தெரியச் சிரித்தால் கன்னம் மேலே ஏறிக் கண் சிறுத்துவிடும், அதுதான் உண்மையான காரணம்.

எல்லாம் செய்தோம், படம் சரியில்லை. ஹாலில் சாயங்காலம் எடுத்தது. முகம் இருட்டு, கண் பாதி மூடியது போல, நெற்றி பெரிதாக, பின்னால் கருநிழல். எங்கே தவறு?

நீங்கள் சொன்னதிலிருந்தே ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

பின்னால் கருநிழல் என்றால் பிள்ளை சுவரில் சாய்ந்திருந்தது, ஃபிளாஷும் எரிந்தது. நிழல் காதுக்கு ஒரு பக்கமாக ஒட்டியிருக்கிறதா பாருங்கள், அப்படியானால் சந்தேகமே இல்லை. சுவரிலிருந்து ஒரு மீட்டர் முன்னால் கொண்டுவாருங்கள், ஃபிளாஷை நிறுத்துங்கள். கண் பாதி மூடியதில் பாதிக் குற்றமும் அதே ஃபிளாஷுக்குத்தான்.

நெற்றி பெரிதாகவும் தாடை சிறியதாகவும் வருவது, நீங்கள் நின்றுகொண்டு மேலிருந்து எடுத்ததால். மிக அருகில், கை நீட்டும் தூரத்தில் எடுத்திருந்தால் மூக்கும் பெரிதாகியிருக்கும், காது பின்னால் ஒளிந்திருக்கும். முழங்காலிட்டு, லென்ஸைப் பிள்ளையின் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து, ஒன்றரை மீட்டராவது தள்ளி, 2x வைத்து எடுங்கள். மேலிருந்து எடுக்கும்போது பிள்ளை அண்ணாந்து விளக்கைப் பார்க்க வேண்டியிருக்கும், அதனாலும் கண் சுருங்கும்.

முகம் இருட்டாக வருவதற்குக் காரணம் வெள்ளைச் சுவர். போன் மொத்தப் படத்தையும் அளந்து, வெள்ளை அதிகமாக இருக்கிறதே என்று வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. சுவர் சாம்பல் நிறமாகவும் முகம் கறுத்தும் வரும். திரையில் பிள்ளையின் கன்னத்தைத் தொடுங்கள். பல போன்களில் பக்கத்தில் ஒரு சூரியக் குறி வரும், அதை மெதுவாக மேலே இழுத்தால் முகம் வெளுக்கும். நெற்றி பளபளவென்று வெண்ணிறம் ஆகும் முன்பே நிறுத்திவிடுங்கள், வெளுத்துப்போன தோலை அப்புறம் மீட்க முடியாது.

கடைசியாக, சாயங்காலம். ஜன்னல் வெளிச்சமும் குறைந்திருக்கும், பிள்ளையும் களைத்திருக்கும். காலையில், தூங்கி எழுந்து ஒரு மணி நேரம் கழித்து, சாப்பிட்ட பிறகு எடுங்கள். எழுந்த உடனே எடுத்தால் இமை வீங்கியிருக்கும். இதே ஹாலில், இதே சுவரில், இந்த ஐந்தையும் மாற்றினால் வேறு படம் கிடைக்கும். ஒரே ஒரு மாற்றத்துக்குத்தான் பொறுமை இருக்கிறது என்றால் நேரத்தை மாற்றுங்கள், பகல் வெளிச்சம் மற்ற தவறுகளில் பாதியை மன்னித்துவிடும்.

செல்ஃபி கேமராவில் எடுத்தால் பிள்ளை தன்னைப் பார்த்துக்கொண்டே நேராக இருக்குமே?

பார்ப்பது திரையை, லென்ஸை அல்ல. படத்தில் பார்வை கீழே போயிருக்கும். தன் முகத்தைப் பார்த்ததும் குறும்பும் தொடங்கிவிடும். வேண்டாம்.

கண்ணாடி போட்ட பிள்ளை. கழற்றச் சொல்லலாமா?

பள்ளி கழற்றச் சொல்லவில்லை என்றால் போட்டபடியே எடுங்கள், தினமும் அப்படித்தானே வகுப்புக்குப் போகும். கழற்றினால் சில பிள்ளைகள் கண்ணைச் சுருக்கியோ ஒரு பக்கம் திருப்பியோதான் பார்ப்பார்கள்.

சிக்கல் பிரதிபலிப்புதான். கண்ணாடிக் காம்பு காதில் உட்காரும் இடத்தில் சில மில்லிமீட்டர் தூக்கிவிடுங்கள். கண்ணாடி முகப்பு கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்ந்து, ஜன்னலின் வெள்ளைக் கட்டம் லென்ஸுக்கு வராமல் தரைப் பக்கம் போய்விடும். அதுவும் போதாவிட்டால் பிள்ளையை நாற்காலியோடு சேர்த்து ஜன்னலிலிருந்து கொஞ்சம் கோணமாகத் திருப்பி, நீங்களும் அதே அளவு நகர்ந்து அதற்கு நேராக உட்காருங்கள். இருட்டாகிவிட்ட பக்கத்தில் ஒருவர் வெள்ளைத் தலையணை உறையை விரித்துப் பிடித்தால் அந்தக் கன்னமும் தெளியும். விளிம்பு கருவிழியை வெட்டாதபடி கண்ணாடியை மூக்கின் மேல் சரியாக ஏற்றிவிட மறக்க வேண்டாம்.

வீடியோ எடுத்து அதில் நல்ல ஒரு காட்சியை நிறுத்தி எடுத்துக்கொள்ளலாமா?

வேறு வழியே இல்லாவிட்டால் செய்யலாம். 4K வீடியோ என்றால் அளவு போதும். ஆனால் வீடியோவின் ஒவ்வொரு காட்சியும் படத்தை விட மெதுவான ஷட்டரில் பதிவாகிறது, அதனால் கண் இமை, முடி எல்லாம் லேசாக மங்கும். கைபேசித் திரையில் தெரியாத மங்கல் அச்சில் தெரிந்துவிடும். நல்ல பகல் வெளிச்சத்தில் எடுத்திருந்தால் தப்பிக்கலாம்.

ஸ்டுடியோவுக்குப் போனாலே அழுகிறான்.

அங்கே இருக்கும் குடை விளக்கு படீரென்று மின்னுவதுதான் பயம். ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: ஸ்டுடியோ ஃபிளாஷ் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி அளவில் முடிந்துவிடும், கண் மூடுவதற்குள் படம் பதிவாகியிருக்கும். ஆகவே முதல் படத்தில் கண் திறந்தே இருக்கும். இரண்டாவது படத்திலிருந்துதான், மறுபடி மின்னும் என்று எதிர்பார்த்துப் பிள்ளை முன்கூட்டியே இறுக்கிக்கொள்கிறது. அதனால் வெளிச்சத்தைச் சோதிக்கும் முதல் ஒன்றிரண்டை உங்களை நாற்காலியில் உட்கார வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிள்ளை ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கட்டும், அப்புறம் அது உட்கார்ந்ததும் முதல் படமே நல்ல படமாக அமைய வாய்ப்பு அதிகம். தொடர்ந்து எரியும் விளக்கு இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.

எத்தனை நேரம் முயற்சி செய்யலாம்?

ஐந்து நிமிடம். அதற்கு மேல் முகம் சிவந்து, கண் கலங்கி, மூக்கு ஒழுகத் தொடங்கும். சளி, கண் சிவப்பு, முகத்தில் புதுக் காயம் இருந்தால் கடைசித் தேதி அனுமதிக்கும் வரை தள்ளிப் போடுங்கள்.

நிறையப் படம் எடுத்துவிட்டேன். எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படி வெட்டுவது?

படத்தைப் பெரிதாக்கிக் கண்ணை மட்டும் பாருங்கள். இமை முடிகள் தனித்தனியாகத் தெரிகிறதா, கருவிழி முழுவட்டத்தில் பெரும்பகுதி தெரிகிறதா, இரண்டு கண்ணும் ஒரே அளவு திறந்திருக்கிறதா? இதில் தேறாததை, முகம் எவ்வளவு அழகாக இருந்தாலும், ஒதுக்கிவிடுங்கள். மிஞ்சியவற்றில் தலை சாயாததும் இரண்டு காதும் ஏறக்குறைய ஒரே அளவு தெரிவதும் எதுவோ அதை எடுங்கள். முன்முடி புருவத்தை மறைத்தால் கிளிப் போட்டு மறுபடி எடுப்பதே மேல்.

அளவைப் பள்ளியின் படிவம் சொல்லும். 35க்கு 45 மில்லிமீட்டர் கேட்டால், 300 டிபிஐ அச்சுக்கு அது 413க்கு 531 பிக்சல். முதலில் 7க்கு 9 விகிதத்தில் வெட்டிவிட்டு அப்புறம் சிறிதாக்குங்கள்; வெட்டாமல் அளவை மட்டும் மாற்றினால் முகம் நீளும், அல்லது தட்டையாகும். படிவம் வேறெதுவும் சொல்லாவிட்டால், தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு, கீழே தோள் தெரிய வெட்டலாம். எடுக்கும்போதே சுற்றிலும் தாராளமாக இடம் விட்டிருந்தால்தான் இதெல்லாம் முடியும்.

தோலை மெருகேற்றும் 'பியூட்டி' வசதியும் பின்புலத்தை மங்கலாக்கும் 'போர்ட்ரெய்ட்' வசதியும் எடுக்கும் முன்பே அணைந்திருக்க வேண்டும். இரண்டாவது பெரும்பாலும் காது ஓரத்தையும் பறக்கும் முடியையும் தின்றுவிடும். வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுவது, குறைப்பது மட்டும் போதும்.

இணையத்தில் ஏற்றும்போது படம் ஏறவில்லை என்றால் கோப்பின் பெயரைப் பாருங்கள். ஐபோன் படங்கள் HEIC ஆகச் சேமிக்கப்பட்டிருக்கலாம், பல படிவங்கள் JPG மட்டுமே ஏற்கும். Settings > Camera > Formats சென்று Most Compatible என்பதைத் தேர்ந்தெடுத்தால் அடுத்து எடுப்பவை JPG ஆகவே விழும். வாட்ஸ்ஆப்பில் ஸ்டுடியோவிலிருந்து படம் வாங்குகிறீர்கள் என்றால் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், சாதாரணப் படமாக வந்தால் சுருக்கப்பட்டுத்தான் வரும். அச்சுக்கும் பதிவேற்றத்துக்கும் தனித்தனிப் பிரதி செய்துகொண்டு, வெட்டாத மூலப் படத்தை அப்படியே வைத்திருங்கள். அடையாள அட்டைக்கு வேறு அளவில் மறுபடி கேட்பார்கள்.